பணத்தை எடுப்பதற்கு முன் பத்துப் பேரிடம் கேட்போம்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி ஜெலாப்பாங்கில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

வியாபாரத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். எங்களைவிட நாற்பது வருஷம் கூடுதலாகக் கடை நடத்தியவர்கள் இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வியாபாரம் பேச எங்களுக்குத் தகுதியில்லை. ஆகவே நாங்கள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறோம். ஒரு தடவை அதைச் செய்யாமல் பணத்தை இழந்தோம். அடுத்த தடவை அதைச் செய்து பணத்தைக் காப்பாற்றினோம். புதிதாக ஒரு பொருளைப் போடலாம் என்று தோன்றினால், காசை எடுப்பதற்கு முன் அதை வாங்கக்கூடிய பத்துப் பேரிடம் போய்ப் பேசுவது. அவ்வளவுதான். ஆனால் எப்படிப் பேசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் இழந்த கதை. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து சுக்குமல்லிக் காப்பித் தூளை டின்னில் அடைத்து விற்கலாம் என்று முடிவு செய்தோம். கேட்காமல் இறங்கினோம் என்று யாரும் எங்களைச் சொல்ல முடியாது. ஒரு கல்யாண வீட்டில் முப்பது பேருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக் கேட்டோம். எல்லாரும் “மாஷா அல்லாஹ், நல்லாயிருக்கு தம்பி, போடுங்க, நாங்க வாங்குறோம்” என்றார்கள். அத்தாவிடமிருந்து பதினெட்டாயிரம் வெள்ளி வாங்கி மூவாயிரம் டின் போட்டோம். விற்றது நானூறு சொச்சம். மிச்சம் கடைக்குப் பின்னால் அடுக்கி இருந்து, தேதி முடிந்து, ஒருநாள் வண்டியில் ஏற்றிக் கொட்டினோம். அத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தப் பணம் அவர் எங்களிடம் கொடுத்த அமானத்.

அந்த முப்பது பேரும் பொய் சொன்னார்களா? இல்லை. நம் ஆட்களின் பழக்கத்தை நாங்கள்தான் புரிந்துகொள்ளவில்லை. விருந்துக்கு வந்தவர், கையில் இலவசக் காப்பியோடு, சொந்தக்காரப் பையன் முகத்தைப் பார்த்து “இது ஓடாது” என்று சொல்ல மாட்டார். “வாங்குவீங்களா?” என்று கேட்டால் “இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்” என்பார். அது நல்ல மனசிலிருந்து வருகிற பதில், ஆர்டர் இல்லை. நாங்கள் அந்த மரியாதையை ஆர்டராகக் கணக்கெழுதிக்கொண்டோம்.

ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற வியாபாரி 2013-ல் இதைப் பற்றியே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘அம்மா சோதனை’. உங்கள் யோசனை நல்லதா என்று அம்மாவிடம் கேட்டால், பிள்ளை மேல் உள்ள பாசத்தில் நல்லது என்றுதான் சொல்வார். ஆகவே அம்மாகூடப் பொய் சொல்ல முடியாத மாதிரிக் கேள்வியை அமைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. யோசனையைப் பற்றிக் கேட்காதே, எதிரில் இருப்பவரின் வாழ்க்கையைப் பற்றிக் கேள். இனிமேல் என்ன செய்வாய் என்று கேட்காதே, போன தடவை என்ன செய்தாய் என்று கேள். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் எங்கள் இரண்டாவது யோசனையைச் சோதித்தோம்.

அந்த யோசனை நோன்புக் கஞ்சி. 2023 நோன்பு முடிந்த பிறகு எங்களுக்குத் தோன்றியது இது: அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், சீரகம், பட்டை, கிராம்பு, ஏலம், மசாலாத் தூள் எல்லாவற்றையும் அளந்து ஒரே பொட்டலத்தில் போட்டுவிட்டால், வேலைக்குப் போகும் பெண்கள் தண்ணீரும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வீட்டிலேயே கஞ்சி காய்ச்சிவிடலாம். வண்ணப் பையில் அச்சடித்து ஈப்போ முழுக்கக் கடைகளுக்குப் போடலாம். கணக்குப் போட்டோம். நிரப்பி ஒட்டும் பழைய இயந்திரம் பதினான்காயிரம் வெள்ளி. அச்சடித்த பை குறைந்தது பத்தாயிரம் எடுக்க வேண்டும், ஒன்று அறுபது சென், ஆறாயிரம். கடையின் பின்கட்டைச் சரிசெய்ய ஐந்தாயிரம். முதல் சரக்குக்கு மூவாயிரம். மொத்தம் இருபத்தெட்டாயிரம் வெள்ளி. கொட்டிய டின்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. இந்தத் தடவை காசை எடுக்க மாட்டோம், முதலில் பத்து வீட்டுக்குப் போவோம் என்று முடிவு செய்தோம்.

யார் அந்தப் பத்துப் பேர்? இங்கேதான் முதல் தப்பு நடக்கும். எங்கள் சொந்தக்காரர்கள், நெருங்கிய கூட்டாளிகள், எங்களிடம் கடன் சொல்லி வாங்குபவர்கள் எல்லாரையும் பட்டியலிலிருந்து எடுத்தோம். போன நோன்பில் வீட்டில் இஃப்தாருக்குச் சமைத்தவர், வேலைக்கும் போகிறவர், பொருள் வாங்குவது யார் என்றால் தன்னையே கைகாட்டுகிறவர். இந்த மூன்றும் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்தோம். பத்தும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்க வேண்டும். மூன்று அம்மாக்கள், மூன்று சாப்பாட்டுக் கடைக்காரர்கள், நான்கு மாணவர்கள் என்று கலந்து எடுத்தால் அது பத்துப் பேர் ஆகாது. மூன்று, மூன்று, நான்கு என்று மூன்று தனித்தனிப் பட்டியல். ஒன்றிலும் எதையும் தீர்மானிக்க ஆள் போதாது. ஜெலாப்பாங்கில் நான்கு வீடு, சிலிபினில் மூன்று, செமோர் பக்கம் மூன்று என்று பிடித்தோம். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாகத்தான் போனோம். பெண்களிடம் பேச வேண்டியிருந்ததால் எங்கள் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனோம். ஒருவர் கேட்பார், இன்னொருவர் எழுதுவார். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதவேண்டும், எங்களுக்குப் புரிந்ததை எழுதக்கூடாது என்பது விதி. ஏனென்றால் “எப்பவாவது வேணும்னா பார்க்கலாம்” என்று அவர் சொன்னதை, ஆசையில் இருக்கிற நாம் “வாங்குவார்” என்று எழுதிவிடுவோம்.

எங்கள் யோசனையை உடனே சொல்லவில்லை. நோன்புச் சமையலைப் பற்றி எங்கள் கடைக்காகத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னோம், அது உண்மையும்கூட. பிறகு இப்படிக் கேட்டோம்: போன நோன்பில் உங்கள் வீட்டில் கஞ்சி இருந்த கடைசி நாளை நினைத்துப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது? வீட்டில் செய்திருந்தால் யார் செய்தது, எத்தனை மணிக்கு அடுப்பில் வைத்தது, என்ன வாங்கினீர்கள், எவ்வளவு ஆனது? அதில் எது தொந்தரவாக இருந்தது? அந்தத் தொந்தரவைக் குறைக்க ஏதாவது செய்து பார்த்தீர்களா? அவ்வளவுதான் கேள்விகள். மிச்ச நேரம் நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

முதல் வீட்டிலேயே எங்களுக்கு ஓர் அடி. அந்த அம்மா சிரித்தபடி சொன்னார்: “கஞ்சி எதுக்குத் தம்பி வீட்ல காய்ச்சணும்? அஸருக்கு அப்புறம் பையன் வாளியைத் தூக்கிட்டுப் பள்ளிக்குப் போயிடுவான்.” பத்து வீட்டையும் முடித்தபோது ஏழு வீட்டில் இதே பதில். பள்ளிவாசல் கஞ்சி இலவசமாக வருகிறது, அது வராத நாள் கஞ்சியே இல்லாத நாள். நாங்கள் போட்டி என்று நினைத்தது வேறு மசாலாக் கம்பெனிகளை. உண்மையான போட்டி நம் ஜமாஅத்தின் கஞ்சிச் சட்டி. காசில்லாமல் கிடைக்கிற, ருசியான, பரக்கத்தான பொருளோடு யார் போட்டி போடுவது?

மிச்ச மூன்று வீட்டில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அங்கே தொந்தரவு இருந்தது, ஆனால் நாங்கள் நினைத்த தொந்தரவு இல்லை. ஒரு மாமி சொன்னார்: “அளக்கிறது எனக்கு ஒரு வேலையா? கை அளக்கும். அடி பிடிக்காம நின்னு கிண்டணும் பாரு, அதுதான் முழங்காலை உடைக்குது.” பொட்டலம் கிண்டாது. அவருடைய பிரச்சினை அடுப்புக்கு முன்னால் இருக்கிறது, எங்கள் மருந்து கடை அலமாரியில் இருக்கிறது.

கடைசியில்தான் யோசனையைச் சொன்னோம். ஒருவர் பாக்கியில்லாமல் பத்துப் பேரும் “நல்ல யோசனை” என்றார்கள். முந்தைய தடவையாக இருந்தால் இதைக் கேட்டுவிட்டு இயந்திரத்துக்கு முன்பணம் கட்டியிருப்போம். இந்தத் தடவை அடுத்த கேள்வியையும் வைத்திருந்தோம்: “நோன்புக்கு முன்னாடி வீட்டுக்கே கொண்டுவந்து தந்துடுவோம். ரெண்டு பொட்டலத்துக்கு இப்பவே பத்து வெள்ளி தந்து பேரை எழுதிக்கிறீங்களா? வேணாம்னா தாராளமா சொல்லலாம்.” ஒரே ஒருவர் கொடுத்தார். அவருடைய மகன் ஜொகூரில் படிக்கிறான். அவனுக்கு அனுப்பக் கேட்டார். மற்றவர்கள் “சரக்கு வரட்டும் தம்பி” என்றார்கள். பாராட்டு பத்து, பணம் ஒன்று.

பத்துப் பேரை வைத்து என்ன தெரியும் என்று இங்கே உள்ள படித்த பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு காசைப் பத்துத் தடவை சுண்டுங்கள். மொத்தம் 1,024 விதமாக விழலாம். அதில் ஒரு தலைகூட விழாதது ஒரு விதம், ஒரே ஒரு தலை விழுவது பத்து விதம், சேர்த்துப் பதினொன்று. அதாவது நூற்றுக்கு ஒன்று. நம் ஊரில் இப்படிப்பட்ட வீடுகளில் பாதி உண்மையில் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்திருந்தால், நாங்கள் போன பத்து வீட்டில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோ கொடுக்கும் வாய்ப்பு அவ்வளவு அற்பம். ஆகவே “பாதிப் பேர் வாங்குவார்கள்” என்று நாங்கள் போட்டிருந்த கணக்கு தப்பு என்று சொல்ல பத்து வீடு போதும். ஆனால் அதே பத்தை வைத்து “ஊரில் பத்தில் ஒருவர் வாங்குவார், ஆயிரம் வீட்டுக்கு நூறு” என்று பெருக்கக்கூடாது. ஆள் எடுத்ததில் ஒருவர் மாறியிருந்தாலும் அந்தக் கணக்கு இரட்டிப்பாகும், அல்லது பூஜ்யமாகும். பத்துப் பேர் ஒரு பெரிய தப்பைக் காட்டிக்கொடுப்பார்கள். எவ்வளவு விற்கும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

இப்படி இருபத்தெட்டாயிரம் வெள்ளி கையில் நின்றது. கதை அதோடு முடிந்திருந்தாலும் நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருப்போம். ஆனால் எழுதி வைத்த நோட்டைத் திரும்பப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நாங்கள் கேட்காமலே நான்கு வீட்டில் ஒரே பேச்சு வந்திருந்தது. “இப்பல்லாம் பள்ளிக் கஞ்சி ஒருநாள் மாதிரி ஒருநாள் இல்லை.” “அன்னைக்கு வெந்தயம் கசந்துச்சு, யாரும் குடிக்கல.” “பழைய பண்டாரி ஊருக்குப் போயிட்டாரு.” நாம் தேடிப் போகாத ஒன்றை மூன்று நான்கு பேர் அவர்களாகவே சொன்னால், அங்கே ஏதோ இருக்கிறது.

உடனே பொட்டலம் கட்டிவிடவில்லை. அது வேறு வாங்குபவர், வேறு பட்டியல். மறுபடி பத்து. இந்தத் தடவை கஞ்சிச் சட்டிக்குப் பொறுப்பானவர்கள். ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட், கோலகங்சார் வரையும், நம் பாணிக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்கள், சூராவ்கள், மதரஸாக்கள். மலாய்ச் சகோதரர்களின் புபோர் லம்போக் வேறு கைப்பக்குவம். அதை இதில் சேர்க்கவில்லை.

அது 2023 டிசம்பர். நோன்பு முடிந்து ஏழு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மனிதருக்கு மறதி இருக்கும். ஆகவே “எவ்வளவு செலவானது?” என்று வாயால் கேட்டதோடு நிற்காமல், முடிந்த இடத்தில் போன நோன்பின் கணக்கு நோட்டையோ மளிகைச் சீட்டையோ பார்க்கக் கேட்டோம். ஓரிடத்தில் பொறுப்பாளர் “மசாலா சாமான் வாரம் ஒரு தடவைதான் வாங்குறோம்” என்றார். சீட்டுகளைப் பார்த்தால் வாரத்தில் மூன்று தடவை வண்டி போயிருக்கிறது. அவருக்கே ஆச்சரியம்.

பத்து இடத்தில் மூன்றில் அனுபவமுள்ள பண்டாரி இன்னும் இருக்கிறார். அங்கே எங்களுக்கு வேலையில்லை. சலாம் சொல்லிவிட்டு வந்தோம். மற்ற ஏழில் முறைவைத்துக் காய்ச்சுகிறார்கள். திங்கட்கிழமை ஒரு குழு, செவ்வாய்க்கிழமை ஒரு குழு. ஒரு குழு வெந்தயத்தைக் கையால் அள்ளிப் போடும், இன்னொரு குழு மறந்துவிடும். ஓரிடத்தில் ஒருநாள் முழுச் சட்டியும் வீணானது. நோன்பாளிகளுக்கு என்று யாரோ நேர்ந்து கொடுத்த பணத்தில் காய்ச்சியதை வீணாக்கிவிட்டோமே என்று அந்தப் பெரியவர் எங்களிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. வீட்டில் “நல்ல யோசனை” என்று கேட்டதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உட்கார்ந்திருந்த எங்களுக்கே தெரிந்தது.

அதைவிடப் பெரிய அடையாளம் ஒன்று கிடைத்தது. அந்த ஏழில் இரண்டு இடத்தில், எங்களைப் போல யாரும் சொல்லாமலே, ஏற்கெனவே பொட்டலம் கட்டிப் பார்த்திருந்தார்கள். ஓரிடத்தில் பண்டாரி ஊருக்குப் போவதற்கு முன் முப்பது நாளைக்கும் மசாலாவை மில்லில் அரைத்து, பிளாஸ்டிக் பையில் பிரித்து, ரப்பர் வளையம் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பத்து நாளில் தூள் கட்டிதட்டி வாசம் போய்விட்டது. இதைத்தான் நாங்கள் தேடினோம். ஒருவர் ஒரு தொல்லையைத் தீர்க்கத் தன் சொந்த நேரத்தையும் காசையும் போட்டு, அரைகுறையாக ஒரு வழி செய்துவைத்திருந்தால், அந்தத் தொல்லை உண்மை. “ஆமா, கஷ்டமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு இத்தனை வருஷமாக ஒன்றும் செய்யாதவர், நாளைக்கு நமக்கும் காசு தரமாட்டார்.

பொருளும் அந்தப் பேச்சிலிருந்தே உருவானது. ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம், முப்பது நாளைக்கு முப்பது. ஆறு கிலோ அரிசிச் சட்டிக்குத் தேவையான பருப்பு, வெந்தயம், சீரகம், வாசனைச் சாமான், மசாலாத் தூள், ஒவ்வொன்றும் தனிச் சின்னப் பையில், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பையில். அரிசி, இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், இறைச்சி எல்லாம் அவர்கள் வாங்குவது. அச்சடித்த வண்ணப் பை வேண்டாம். பள்ளிவாசல் சமையல்கட்டில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? காலால் மிதித்து ஒட்டும் சீலர் ஒன்று முந்நூற்றைம்பது வெள்ளி, பையும் ஒட்டுத்தாளும் நூற்றைம்பது. ஐந்நூறு வெள்ளியில் காரியம் முடிந்தது.

விலை பொட்டலம் இருபத்தாறு வெள்ளி, முப்பதுக்கு எழுநூற்று எண்பது. முன்பணம் நூறு வெள்ளி கேட்டோம். ஏழு பேரில் ஒருவர் வேண்டாம் என்று நேராகச் சொன்னார். அவருக்கு நன்றி சொன்னோம், நேரம் மிச்சம். இரண்டு பேர் “கண்டிப்பா எடுக்கிறோம், கமிட்டியில பேசிட்டுச் சொல்றோம்” என்றார்கள், ஆனால் பணம் தரவில்லை. நான்கு பேர் நூறு வெள்ளி கொடுத்தார்கள். 2024 மார்ச் 12-ல் நோன்பு பிறந்தபோது அந்த நான்கு இடத்துக்கும் நூற்றிருபது பொட்டலம் போனது. “கண்டிப்பா” என்றவர்களில் ஒருவர்கூட அந்த வருஷம் எடுக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கமிட்டியில் பேச வேண்டிய அளவுக்கு அது அவர்களுக்கு அவசரமில்லை, அவ்வளவுதான். அதை முன்பணம் என்ற ஒரு கேள்வி முன்கூட்டியே சொல்லிவிட்டது.

ஒரு தப்பும் செய்தோம். ஓரிடத்தில் இரண்டாம் நாளே போன் வந்தது, கஞ்சி சப்பென்று இருக்கிறது என்று. நாங்கள் “எத்தனை பேருக்கு?” என்று கேட்டிருந்தோம்; “இருநூறு பேர்” என்று சொன்னதை வைத்து ஆறு கிலோ அரிசி என்று நாங்களாகவே முடிவு செய்தோம். அங்கே வீட்டுக்கும் வாளியில் கொடுக்கிறார்கள், ஆகவே பத்துக் கிலோ போடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி “கடைசியாகக் காய்ச்சிய அன்று எத்தனை கிலோ அரிசி கொட்டினீர்கள்?” என்பது. கூடுதல் பொட்டலம் கட்டி ஓடிப்போய்க் கொடுத்தோம், அதற்குக் காசு வாங்கவில்லை.

வரவு மூவாயிரத்து நூற்றிருபது வெள்ளி. அந்தக் கூடுதல் பொட்டலத்தைச் சேர்க்காமல், சாமான் பொட்டலத்துக்குப் பதினேழு என்று இரண்டாயிரத்து நாற்பது, சீலரும் பையும் ஐந்நூறு. மிச்சம் ஐந்நூற்றெண்பது. எங்கள் வீட்டார் இரவெல்லாம் உட்கார்ந்து கட்டியதற்குக் கூலி போட்டால் லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த முதல் வருஷம் நாங்கள் வாங்கியது ஒரே ஒரு பதில்: இதற்கு ஆள் இருக்கிறார்களா, இல்லையா.

அந்தப் பதில்கூட மறு வருஷம்தான் முழுமையானது. ஒரு தடவை வாங்குவது ஆதரவாக இருக்கலாம். நம் பிள்ளைகள் ஏதோ செய்கிறார்கள் என்று வாங்கியிருப்பார்கள். மறுபடி வாங்குவதுதான் தேவை. 2025 மார்ச் 2-ல் தொடங்கிய நோன்புக்கு அந்த நான்கில் மூன்று இடம் திரும்ப எடுத்தது. நான்காவது இடத்தில் பண்டாரி ஊரிலிருந்து திரும்பிவிட்டார். புதிதாக நான்கு இடம் கேட்டு வந்தது. அதில் ஒன்று, போன வருஷம் “கண்டிப்பா” என்றவர். ஆக ஏழு. இன்னும் நாங்கள் அந்தப் பதினான்காயிரம் வெள்ளி இயந்திரத்தை வாங்கவில்லை. ஏழு இடத்துக்குக் கால் சீலர் போதும்.

இந்த இடத்தில் நம் சமுதாயத்துக்குத் தெரிந்த ஒரு பெரிய உதாரணத்தைச் சொல்ல வேண்டும். பெங்களூரில் 2005-ல் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் ஃபுட், இட்லி தோசை மாவு விற்கிற கம்பெனி. கேரளத்து வயநாட்டைச் சேர்ந்த பி.சி. முஸ்தஃபாவும் அவருடைய மச்சான்மார் நால்வரும் சேர்ந்து தொடங்கியது. அந்த மச்சான்மாரில் ஒருவர் மளிகைக் கடையில் ஒன்றைக் கவனித்தார்: மாவைச் சாதாரணப் பிளாஸ்டிக் பையில் ரப்பர் வளையம் போட்டு விற்கிறார்கள், வாங்கிப்போகிறவர்கள் அதன் தரத்தைப் பற்றித் திரும்ப வந்து குறை சொல்கிறார்கள், ஆனாலும் வாங்குகிறார்கள். எங்கள் பண்டாரியின் ரப்பர் வளையப் பையைப் பார்த்தபோது எங்களுக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. முஸ்தஃபா பொறியியல் படித்து வெளிநாட்டு வங்கியில் வேலை பார்த்தவர். பெரிய தொழிற்சாலை கட்டச் சொல்லவில்லை. சின்ன இடத்தில் தொடங்கி, இருபது கடைகளில் வைத்து, ஒரு நாளைக்கு நூறு பாக்கெட் விற்றுக் காட்டுங்கள், அதன்பிறகு மேலே பணம் போடலாம் என்பதே ஏற்பாடு. அந்த நூறைத் தொட அவர்களுக்கு ஒன்பது மாதம் பிடித்தது. இன்று எல்லாரும் அந்தக் கம்பெனியின் பெரிய வளர்ச்சியைப் பேசுகிறார்கள். எங்களுக்கு அந்த ஒன்பது மாதம்தான் பாடம். குறை சொல்லிக்கொண்டே வாங்குகிற ஆளை முதலில் பார்த்தார்கள், பிறகு சின்ன அளவில் விற்றுப் பார்த்தார்கள், அதற்குப் பிறகே பெரிய பணம்.

இந்த முறைக்கு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். விலையைப் பேச்சில் கண்டுபிடிக்க முடியாது. “எவ்வளவு தருவீங்க?” என்று கேட்டால் யாரும் குறைத்துத்தான் சொல்வார்கள்; போன தடவை அதே வேலைக்கு என்ன செலவழித்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ருசியைப் பேச்சில் கண்டுபிடிக்க முடியாது. கொடுத்துக் குடிக்கவைக்க வேண்டும். ஏற்கெனவே எல்லாரும் வாங்கும் அரிசி, எண்ணெய், வெங்காயத்துக்கு ஆள் இருக்கிறதா என்று பத்துப் பேரிடம் கேட்கத் தேவையில்லை. அங்கே கேள்வி விலையும் இடமும்தான். இதுவரை ஊரில் இல்லாத ஒன்றைப் போடும்போதுதான் இந்த நடை தேவை.

எங்கள் பிள்ளைகளிடமும் தம்பிமார்களிடமும் ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஒரு யோசனையோடு அத்தாவிடமோ அம்மாவிடமோ பணம் கேட்டு வருவீர்கள். வரும்போது கையில் ஒரு நோட்டு கொண்டு வாருங்கள். அதில் பத்துப் பேர், சொந்தக்காரர்கள் இல்லாமல். ஒவ்வொருவரும் போன தடவை என்ன செய்தார்கள், எவ்வளவு செலவழித்தார்கள். எத்தனை பேர் பாராட்டினார்கள், எத்தனை பேர் முன்பணம் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து கேட்கும்போது “மாஷா அல்லாஹ், நல்ல யோசனை” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “யாருடா முன்பணம் கொடுத்தது?” என்று கேளுங்கள். உங்களிடம் யாராவது அப்படி ஒரு யோசனையைக் கேட்டு வந்தால், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் அந்த முப்பது பேரில் மூன்று பேர் அப்படிச் சொல்லியிருந்தால், எங்கள் அத்தாவின் பதினெட்டாயிரம் வெள்ளி அவர் கையில் இருந்திருக்கும்.

சுக்குமல்லி டின்னில் ஒன்றை மட்டும் கொட்டாமல் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். போன மாதம் அத்தா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “கஞ்சிப் பொட்டலத்துக்கு இந்த வருஷம் எத்தனை இடம்?” என்று கேட்டார். ஏழு என்றோம். “எல்லாரும் பணம் கொடுத்துட்டாங்களா?” என்றார். கொடுத்துவிட்டார்கள் என்றோம். டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு லுஹருக்குப் போனார்.